மே வெயிலில் ஹாலில் இருக்கும் வீணையின் மெழுகு இளகுகிறது, என்ன செய்வது?

சரளி · மே 9, மாலை 6.10

மகளுக்காக வாங்கிய தஞ்சாவூர் வீணை. திருவான்மியூரில் மூன்றாவது மாடி. ஹாலில் மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மேல் வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக மேல் ஸ்தாயியில், தந்தியை அழுத்தும் பித்தளை மெட்டுகள் சிலவற்றில் வாசித்தால் கரகரவென்று கேட்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரு மெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சாயங்காலம் அந்தக் கருப்பு மெழுகைத் தொட்டால் நகம் பதிகிறது. ஹாலுக்கு ஏசி வாங்கி நாள் முழுக்க ஓடவிட்டால் சரியாகிவிடுமா? பக்கத்து வீட்டில் சிலிக்கா ஜெல் போடச் சொல்கிறார்கள்.

கடலோரம் · மே 9, இரவு 7.30

கடல் பக்கம் என்றாலே ஈரக்காற்றுதான் எதிரி. மெழுகு இளகுவதும் அதனால்தான். ஏசியை 22இல் வையுங்கள், வாசித்து முடித்ததும் கனமான உறையை மாட்டி ஜிப் போட்டு மூடிவிடுங்கள். நான் கிட்டாரை அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பிருடை · மே 9, இரவு 9.40

கடலோரம் சார் சொன்னதில் பாதி சரி. ஈரம் தந்தியையும் மரத்தையும் கெடுக்கும். ஆனால் மெழுகை அது ஒன்றும் செய்யாது. உங்கள் மெழுகை இளக்குவது சூடுதான்.

வீணையின் 24 மெட்டுகளும் தண்டி மேல் ஆணியடித்து நிற்பதில்லை. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, சிலர் குங்கிலியமும் சேர்த்து, அந்தக் கலவையில் பதித்திருக்கிறார்கள். தேன்மெழுகு முழுதாக உருகச் சுமார் 62 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் அழுத்தினால் இடம் கொடுக்க அவ்வளவு சூடு தேவையில்லை, 35ஐத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். கரியும் குங்கிலியமும் அதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். இளகிய நேரத்தில் உட்கார்ந்து கமகத்துக்காகத் தந்தியை இழுத்து வாசித்தால் மெட்டு அமுங்கும், சாயும். இரவில் மெழுகு மறுபடி இறுகும். ஆனால் சாய்ந்த மெட்டு சாய்ந்த இடத்திலேயே இறுகிவிடும், பழைய இடத்துக்கு வராது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது ஏசி பற்றி அல்ல. அந்த மேற்கு ஜன்னலிலிருந்து மூன்று மணிக்கு மேல் வெயில் வீணை மேல் விழுகிறதா?

சரளி · மே 10, காலை 7.05

விழுகிறது டீச்சர். நேராக இல்லை, கிரில் நிழலோடு ஒரு பட்டை மாதிரி தண்டி மேல் நகர்ந்து போகும். ஐந்து மணி வரை இருக்கும். மெல்லிய திரை போட்டிருக்கிறோம்.

பிருடை · மே 10, காலை 8.20

அந்தப் பட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பதை விட அளந்து பார்ப்பது நல்லது. ஏசி மெக்கானிக் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி இருக்கும். தெரிந்தவர் யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்குங்கள். நாலரை மணிக்கு வெயில் படும் மெழுகிலும் நிழலில் இருக்கும் மெழுகிலும் காட்டிப் பாருங்கள். பித்தளை மெட்டின் மேல் காட்ட வேண்டாம். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். கருப்பு மெழுகில் காட்டினால் எண்ணை நம்பலாம்.

அதுவரை மதியம் வாசிக்க வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். காலையில் வாசிக்கட்டும். சாய்ந்த மெட்டை விரலால் நிமிர்த்தாதீர்கள். ஹேர் டிரையர் காட்டி நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு மெட்டை நிமிர்த்தப் போய்ப் பக்கத்தில் நாலு மெட்டு அமுங்கிய வீணைகள் என்னிடம் வந்திருக்கின்றன.

தீன்தா · மே 10, மதியம் 1.15

நான் தபலா. எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. காலையில் ஸ்ருதி இறங்கிக் கிடக்கும். சுத்தியால் தட்டி ஏற்றி வைப்பேன். ஏசி ஹாலில் வாசித்தால் ஒரு மணி நேரத்தில் தானாகவே ஏறிவிடும். போன மாதம் பூரி ஓரத்தில் கிழிந்துவிட்டது. இதுவும் வெயில்தானா?

பிருடை · மே 10, மாலை 4.50

தபலா என் துறை இல்லை, ஆனால் தோலின் குணம் தெரியும் தம்பி. ஈரக் காற்றில் தோல் தண்ணீரை வாங்கித் தளரும், ஸ்ருதி இறங்கும். நீங்கள் தளர்ந்த தோலைத் தட்டி ஏற்றுகிறீர்கள். அப்புறம் ஏசியில் அது காய்ந்து இன்னும் இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சேர்ந்து விளிம்பில்தான் விழும், கிழிவதும் அங்கேதான். ஏசி அறையில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் தபலாவை முதலிலேயே அந்த அறையில் வைத்து அரை மணி நேரம் விட்டு, அது நிலைக்கு வந்த பிறகு சுத்தியை எடுங்கள். ஏசியின் காற்று நேராகத் தோலில் படாத மூலை வேண்டும்.

தீன்தா · மே 10, இரவு 10.05

கச்சேரிக்குப் போனால் அரை மணி நேரம் எங்கே கொடுக்கிறார்கள்! வீட்டில் செய்து பார்க்கிறேன்.

சரளி · மே 11, மாலை 5.25

எங்கள் குடியிருப்பின் மெக்கானிக் தம்பியிடம் வாங்கிப் பார்த்தேன். ஹாலில் காற்று 34. நிழலில் இருந்த மெழுகு 34, 35. வெயில் பட்டை விழுந்த இடத்தில் 47! அதுவும் மெல்லிய திரையைத் தாண்டி. சாய்ந்த மெட்டு இருக்கும் இடமும் அதுவேதான்.

பிருடை · மே 11, இரவு 9.15

இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. காற்றின் சூடு 34தான், ஆனால் கருப்பு நிறம் வெயிலை அப்படியே குடித்துக்கொள்கிறது. ஏசி வாங்கி 24இல் ஓடவிட்டாலும் அந்தப் பட்டை அங்கே விழுந்தால் மெழுகு காற்றை விடச் சூடாகத்தான் இருக்கும்.

நாளைக்கே இடம் மாற்றுங்கள். ஜன்னலுக்கு எதிரே, வீட்டின் உள் சுவர் ஓரமாக, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி. வெளிச்சுவர் வேண்டாம், அது வெயிலில் மாலை முழுக்கக் கனல் அடிக்கும், மழைக்காலத்தில் ஈரம் கசியும். ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் பின்பக்கக் காற்று படாத இடமாக இருக்கட்டும். பலகை சரி, தரையில் நேராக வைக்காதீர்கள்.

மெட்டு எது எது கெட்டது என்று பார்க்க ஒரு வழி. சாரணித் தந்தியை வெறுமனே மீட்டி, பிறகு பிருடைப் பக்கத்திலிருந்து 12ஆவது மெட்டில் மீட்டுங்கள். மேல் ஸட்ஜம் சுத்தமாக வர வேண்டும். வந்தால் குடத்தின் மேல் தந்தியைத் தாங்கும் குதிரை நகரவில்லை. பிறகு ஒவ்வொரு மெட்டாக வாருங்கள். ஒரு மெட்டில் அழுத்தும்போது கரகரத்தால், பெரும்பாலும் அந்த மெட்டு அமுங்கியிருக்கும், தந்தி குதிரைப் பக்கம் இருக்கும் அடுத்த மெட்டைத் தொடுகிறது. சாரணியில் நன்றாக இருந்து பஞ்சமத் தந்தியில் மட்டும் கரகரத்தால் சாய்ந்திருக்கிறது. குறித்து வையுங்கள். மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்க வருபவருக்கு அது பெரிய உதவி.

கடலோரம் · மே 12, காலை 6.40

வெயில் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏசி வேண்டாம் என்பதை இல்லை. கடல் காற்றில் என் கிட்டார் தந்தி மாதத்துக்கு ஒரு முறை துருப்பிடிக்கும். ஏசி வைத்த பிறகு குறைந்தது.

பிருடை · மே 12, மதியம் 2.30

ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 22இல் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மே மாதச் சென்னையில் 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால், அந்தக் காற்று 26 அல்லது 27 டிகிரிக்குக் குளிர்ந்தால் தண்ணீரைக் கொட்ட ஆரம்பிக்கும். ஏசியில் வீணை 22க்குக் குளிர்ந்து கிடக்கிறது. கதவைத் திறந்து வைத்தோ, ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தோ வெளிக்காற்றை விட்டால், அந்தக் காற்று குளிர்ந்த தந்தி மேலும் பித்தளை மேலும் வியர்த்துவிடும். குளிர்ந்த பாட்டிலை வெளியே வைத்தால் வரும் அதே துளிகள்தான். இரும்புத் தந்தியில் அடுத்த நாள் கரும்புள்ளி தெரியும்.

27இல் வைத்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. உங்கள் ஊரில், சரளி அம்மா, ஏசி போட்டால் 26, 27இல் வையுங்கள், நிறுத்தும்போது ஜன்னலை உடனே திறக்காமல் மின்விசிறியை ஓடவிட்டு அறை மெல்ல சூடாகட்டும்.

உறை போட்டு ஜிப் போடுவதும் கவலையாக இருக்கிறது. வியர்த்த வீணையை மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். காட்டன் துணியால் தந்தியைத் துடைத்துவிட்டு ஒரு பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்துங்கள், போதும்.

கீபோர்டு குமரன் · மே 12, இரவு 8.00

கீபோர்டு என்று தலைப்பில் பார்த்து வந்தேன் என்று நினைக்கிறேன், இல்லை போலிருக்கிறது. என் கீபோர்டில் நடு ஸ்தாயி ரி மட்டும் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் உரக்க ஒலிக்கிறது, சில சமயம் ஒலிப்பதே இல்லை. இதற்கும் மெழுகு வைப்பார்களா?

பிருடை · மே 12, இரவு 8.45

மெழுகு இல்லை குமரன். கட்டைக்குக் கீழே ரப்பர் மொட்டில் கரித் தொடர்பு இரண்டு இருக்கும். ஒன்று பட்டு அடுத்தது படும் நேரத்தை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்று தெரிந்துகொள்கிறது. தூசியும் ஈரமும் சேர்ந்து ஒன்றின் மேல் படிந்தால் இப்படி ஆகும். தெரிந்த டெக்னீஷியன் பிரித்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைப்பார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மூடும் துணி தூசியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது.

கீபோர்டு குமரன் · மே 13, காலை 9.10

ஆமாம், பல்லி முட்டை வரை உள்ளே இருந்தது என்றார் டெக்னீஷியன். இப்போது சரி.

பனிஊர் · மே 15, காலை 5.30

டொரோண்டோவில் இருந்து. எங்கள் பக்கம் தலைகீழ். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் வீட்டுக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சென்னையில் கோடைக்காகக் கெட்டியான மெழுகு போட்டுக் கொடுத்தார்கள், கரியும் குங்கிலியமும் அதிகம். ஜனவரியில் மெழுகு பிளந்து ஒரு மெட்டு கழன்று கையில் வந்தது. குடத்தின் ஒட்டிலும் முடி அளவு கீறல். சரளி, நீங்கள் கெட்டி மெழுகு கேட்டு வாங்காதீர்கள்.

பிருடை · மே 15, இரவு 9.00

உங்கள் ஊருக்கு அது சரி அக்கா. சென்னையில் மெழுகு உடையும் அளவுக்கு ஹால் குளிர்வதில்லை. இங்கே நான் கொஞ்சம் கெட்டியாகக் கேட்பேன். ஆனால் மேளம் கட்டுபவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. ஒருவர் குங்கிலியம் கூடினால் பிறகு மெட்டைத் திருத்தும்போது மெழுகு சிம்பு சிம்பாக உதிர்கிறது என்பார், இன்னொருவர் மெழுகு மென்மையாக இருந்தால் ஒரு கோடைகூடத் தாங்காது என்பார். எனக்கு ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

உங்கள் கீறலுக்கு மெழுகு காரணமில்லை, வறண்ட காற்றுதான். பலாமரம் நீளவாக்கில் பெரிதாக மாறாது, குறுக்கில்தான் சுருங்கும். அதனால் ஒட்டு வீணையில் ஒட்டு இடத்தில் தெரியும். ஏகாண்ட வீணையில் ஒட்டு குறைவு, ஆனால் குடம் நேராகவே பிளக்கலாம். ஹ்யூமிடிஃபையர் வைத்து 40, 45க்குக் கொண்டு வந்தீர்களா?

பனிஊர் · மே 16, காலை 4.50

இப்போது 42. புதிய கீறல் இல்லை.

சரளி · ஜூன் 4, காலை 10.15

இடம் மாற்றினோம், அந்தத் திரைக்குப் பதில் கனமான திரை. மேளம் கட்டுபவர் நேற்று வந்தார். மேல் ஸ்தாயி மெட்டுகளை மட்டும் எடுத்து, மெழுகைச் சூடாக்கித் திரும்பப் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் சரிபார்த்தார். முழு மேளமும் நவராத்திரிக்கு முன் கட்டினால் போதும் என்றார். விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாசிக்கிறாளே என்று அதையும் குறை சொன்னார். எங்கள் குரு எண்ணெய் வைக்கத்தான் சொல்கிறார்.

பிருடை · ஜூன் 4, இரவு 9.30

இருவரும் சரிதான். தந்தியில் விரல் வழுக்க எண்ணெய் வேண்டும். ஆனால் தேங்காய் எண்ணெய் வழிந்து மெழுகில் இறங்கினால், தேன்மெழுகில் எண்ணெய் கலந்து மென்மையாகிவிடும், தூசியும் ஒட்டும். விரல் நுனியில் ஒரு துளி, மீதியைத் துணியில் துடைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தந்தியில் நேராகத் தடவ வேண்டாம்.

சரளி · நவம்பர் 11, மாலை 4.00

வேறு பிரச்சினை. ஒரு வாரமாக மழை. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி வாங்கினேன், ஹாலில் 29 டிகிரி, 80 சதவீதம் காட்டுகிறது. குடத்தின் துளை ஓரத்தில் சாம்பல் மாதிரி வெள்ளைப் படிவு. பக்கத்து வீட்டம்மா கொடுத்த சிலிக்கா ஜெல் 200 கிராம் பையைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், நாலு நாளில் ஆரஞ்சு நிறம் பச்சையாகிவிட்டது. எண் 80லேயே நிற்கிறது.

பிருடை · நவம்பர் 11, இரவு 8.20

அப்படித்தான் நிற்கும். உங்கள் ஹால் பன்னிரண்டுக்குப் பதினாலு அடி, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காற்றில் ஆவியாக ஒரு கிலோவுக்கும் மேல் தண்ணீர் இருக்கிறது. 80ஐ 60 ஆக்க ஏறக்குறைய 270 கிராம் இழுக்க வேண்டும். 200 கிராம் ஜெல் 60 கிராம் சொச்சம் இழுத்தாலே பெரிது. அதற்குள் யாராவது வாசல் கதவைத் திறந்தால் மறுபடி உள்ளே வந்துவிடும். காற்றுப் புகாத பெட்டிக்குள் ஜெல் வேலை செய்யும், ஹாலில் செய்யாது. மின்விசிறியும் காற்றை நகர்த்தும், உலர்த்தாது. ஆனால் நகரும் காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது, அதனால் ஓடட்டும்.

வெள்ளைப் படிவு பூஞ்சைதான். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து எடுங்கள். துணியைத் துவைத்துவிடுங்கள். தண்ணீரோ சானிடைசரோ தெளிக்க வேண்டாம், பாலிஷ் வெளுத்துவிடும். வெயிலில் வைக்கவும் வேண்டாம். சுரைக்காயும் பாருங்கள், அசல் சுரைக்காய் என்றால் அங்கேயும் படியும்.

ஏசியில் ட்ரை மோட் இருந்தால் மழை நாளில் மாலை சில மணி நேரம் ஓடவிட்டு எண்ணைப் பாருங்கள். 60, 65க்கு வந்தால் போதும், அதற்குக் கீழே துரத்த வேண்டாம்.

கடலோரம் · நவம்பர் 12, காலை 7.00

அந்தச் சின்னக் கருவியை நம்பலாமா? என்னுடையதும் நண்பருடையதும் பக்கத்தில் வைத்தால் 9 சதவீதம் வித்தியாசம்.

பிருடை · நவம்பர் 12, காலை 9.45

நல்ல கேள்வி சார். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டுக் குழைவாகும் அளவு சில துளி தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஜிப் பையில் மூடிப் பாதி நாள் வையுங்கள். உள்ளே 75 காட்ட வேண்டும். 81 காட்டினால் எப்போதும் 6ஐக் கழித்துக்கொள்ளுங்கள். கருவியில் தண்ணீர் படக் கூடாது.

சரளி · நவம்பர் 12, இரவு 9.50

என்னுடையது 78 காட்டியது, மூன்று கூடுதல். ட்ரை மோடில் இரண்டு மணி நேரத்தில் 66 ஆனது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பத்து நாள் வீடு பூட்டியிருக்கும், தந்தியைத் தளர்த்த வேண்டுமா?

தீன்தா · நவம்பர் 12, இரவு 10.20

எங்கள் பக்கத்து வீணை வாசிப்பவர் தளர்த்தவே கூடாது என்பார். தண்டி பழகின இழுப்பிலேயே இருக்க வேண்டுமாம்.

பிருடை · நவம்பர் 13, காலை 6.30

இதில் நான் அவரோடு முழுக்க ஒத்துப்போகவில்லை, முழுக்க மறுக்கவும் மாட்டேன். எல்லாத் தந்தியையும் தொங்கவிட்டால் தண்டியின் வளைவு மாறும், குதிரையும் நகரலாம், திரும்பி வந்து மறுபடி நாள்கணக்கில் சுருதி நிற்காது. பத்து நாளுக்கு நான் சாரணியையும் பஞ்சமத்தையும் ஒரு ஸ்வரம் இறக்கி வைப்பேன், மற்றதைத் தொட மாட்டேன். ஜனவரி சென்னையில் அது போதும். கோடையில் பூட்டிய வீட்டில் விட்டுப் போவதென்றால் வேறு பேச்சு, அப்போது தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் நல்லது.